எக்ஸ்எஃப்ஏ படிவமும் "Please wait..." செய்தியும்

எக்ஸ்எஃப்ஏ படிவம் என்பது பிடிஎஃப் கோப்பு ஒன்றினுள் எக்ஸ்எம்எல் வடிவில் பொதிந்து வைக்கப்படும் ஒருவகை மின்படிவம் ஆகும். அடோபி நிறுவனத்தின் மென்பொருள்களை மையமாகக் கொண்டு பரவிய இவ்வகைப் படிவங்களை இணைய உலாவியில் திறக்கும்போது, பல சமயங்களில் படிவத்திற்குப் பதிலாக "Please wait..." என்று தொடங்கும் ஆங்கிலச் செய்தி ஒன்று மட்டுமே தோன்றும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் தோன்றாது. கோப்பு பழுதடைந்திருப்பதோ, இணைய இணைப்பின் வேகம் குறைந்திருப்பதோ இதற்குக் காரணம் அல்ல. இச்செய்தி எங்கிருந்து வருகிறது என்பதையும், இத்தகைய படிவத்தை நிரப்பும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

## செய்தி எங்கிருந்து வருகிறது

இச்செய்தியைக் காண்போர் பலரும் அதை உலாவியே காட்டுகிறது என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது உலாவியின் செய்தி அன்று. அது பிடிஎஃப் கோப்பினுள் முன்னரே அச்சிடப்பட்டுள்ள ஒரு சாதாரணப் பக்கம். அப்பக்கத்தில் பொதுவாகக் காணப்படும் வாசகம் பின்வருமாறு தொடங்குகிறது:

```
Please wait...
If this message is not eventually replaced with the proper
contents of the document, your PDF viewer may not be able to
display this type of document.
```

சாதாரண பிடிஎஃப் கோப்பு ஒன்றில் எந்த எழுத்து பக்கத்தின் எந்த இடத்தில் வரவேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். கோப்பைத் திறக்கும் மென்பொருள் அந்த வரையறையைப் படித்து அப்படியே வரைந்தால் போதும். எக்ஸ்எஃப்ஏ படிவத்தில் அவ்வாறு இல்லை. அதில் பக்கங்களே முன்கூட்டி வரையப்பட்டிருப்பதில்லை. பக்கங்களை எவ்வாறு அமைக்கவேண்டும் என்னும் விதிகள் மட்டும் எக்ஸ்எம்எல் வடிவில் உள்ளன. திறக்கும் மென்பொருள் அவ்விதிகளைப் படித்து, ஏற்கனவே நிரப்பப்பட்ட தரவுகளையும் சேர்த்து, பக்கங்களை அந்நேரத்தில் புதிதாக உருவாக்க வேண்டும்.

ஆனால் பிடிஎஃப் கோப்பு என்றால் அதில் ஒரு பக்கமேனும் இருந்தாக வேண்டும். எனவே படிவத்தை உருவாக்கும் மென்பொருள் ஒரு பக்கத்தை இடம்பிடிப்பானாக வைத்துவிடுகிறது. எக்ஸ்எஃப்ஏ அறிந்த மென்பொருள் தன் வேலையை முடித்ததும் இப்பக்கத்தை நீக்கிவிட்டு உண்மையான படிவத்தைக் காட்டும். எக்ஸ்எஃப்ஏ அறியாத மென்பொருளோ தனக்குத் தெரிந்த ஒரே பக்கமாகிய இதைக் காட்டிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். "காத்திருக்கவும்" என்று பக்கம் சொன்னாலும் பின்னணியில் எந்த வேலையும் நடப்பதில்லை. ஆகவே பக்கத்தைப் புதுப்பிப்பதாலோ மீண்டும் பதிவிறக்கம் செய்வதாலோ பயன் இல்லை.

## கோப்பின் உள்ளமைப்பு

ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பிற்கும் அட்டவணை போன்ற ஒரு தலைமைப் பொருள் உண்டு. எக்ஸ்எஃப்ஏ படிவத்தில் அது ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்:

```
/Type /Catalog
/Pages 2 0 R
/NeedsRendering true
/AcroForm << /Fields [ ... ]
   /XFA [ (template) 11 0 R (datasets) 12 0 R ] >>
```

இதில் `/Pages` என்பது மேற்சொன்ன இடம்பிடிப்புப் பக்கத்தைச் சுட்டுகிறது. `/XFA` என்பதன் கீழ் உள்ளவை எக்ஸ்எம்எல் பகுதிகள். அவற்றுள் இரண்டு முதன்மையானவை. `template` என்பது படிவத்தின் வடிவமைப்பு: கட்டங்கள், தலைப்புகள், பொத்தான்கள், தேர்வுப் பட்டியல்கள், கணக்கிடும் நிரல்கள் ஆகியவை இதில் அடங்கும். `datasets` என்பது பயனர் நிரப்பிய தரவு. `/NeedsRendering true` என்னும் வரி, "பக்கங்களை நீதான் உருவாக்கவேண்டும்" என்று மென்பொருளுக்குக் கூறுகிறது. பழைய கோப்புகள் சிலவற்றில் இவ்வரி இல்லாமலும் இருக்கலாம்.

நிரப்பிய தரவு பின்வருமாறு எளிய வடிவில் சேமிக்கப்படுகிறது:

```
<xfa:datasets
 xmlns:xfa="http://www.xfa.org/schema/xfa-data/1.0/">
  <xfa:data>
    <form1><FamilyName>MURUGAN</FamilyName></form1>
  </xfa:data>
</xfa:datasets>
```

வடிவமைப்பும் தரவும் இவ்வாறு பிரிந்திருப்பதே இம்முறையின் பயன். குடும்ப உறுப்பினர் மூவர் எனில் மூன்று வரிசைகளும், பத்துப்பேர் எனில் பத்து வரிசைகளும் தாமாகவே விரியும். படிவத்தைப் பெறும் அலுவலகமும் தட்டச்சு செய்யாமலேயே தரவைத் தனியே பிரித்தெடுத்துக் கொள்ளலாம்.

எக்ஸ்எஃப்ஏ படிவங்கள் இருவகைப்படும். நிலைத்த வகையில் சாதாரணப் பக்கங்களும் கூடவே இருக்கும். இதனால் உலாவியில் அவை ஓரளவு சரியாகத் தோன்றும். இயங்கு வகையிலோ இடம்பிடிப்புப் பக்கம் மட்டுமே இருக்கும். "Please wait..." செய்தி தோன்றுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

## வரலாறு

எக்ஸ்எஃப்ஏ அடோபியில் பிறந்ததன்று. கனடாவின் ஒட்டாவா நகரில் இயங்கிய ஜெட்ஃபார்ம் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கி, 1999 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்திடம் (டபிள்யூ3சி) குறிப்பாகச் சமர்ப்பித்தது. ஜெட்ஃபார்ம் பின்னர் அக்செலியோ என்று பெயர் மாற்றம் பெற்றது. 2002 இல் அடோபி அதனை வாங்கியது. 2003 இல் வெளியான பிடிஎஃப் 1.5 பதிப்பில் எக்ஸ்எஃப்ஏ சேர்க்கப்பட்டது. லைவ்சைக்கிள் டிசைனர் என்னும் வடிவமைப்பு மென்பொருள் விண்டோசுக்கான அக்ரோபேட் தொழில்முறைப் பதிப்புகள் சிலவற்றுடன் சேர்த்தே வழங்கப்பட்டதால், அரசு அலுவலகங்களில் இவ்வகைப் படிவங்கள் விரைவாகப் பரவின.

அக்காலத்தில் உலாவிகள் பிடிஎஃப் கோப்புகளைத் தாமாகத் திறப்பதில்லை. அடோபி ரீடரின் செருகுநிரல் உலாவிக்குள் அமர்ந்து அவ்வேலையைச் செய்தது. ஆகையால் எக்ஸ்எஃப்ஏ படிவங்கள் உலாவியிலும் சரியாகவே தோன்றின. 2010 இல் குரோம் உலாவியும் 2013 இல் பயர்பாக்சு உலாவியும் தம் சொந்த பிடிஎஃப் காட்டிகளைக் கொண்டுவந்தன. பின்னர் பாதுகாப்புக் காரணங்களுக்காக, பழைய வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவை குரோம் 2015 இலும் பயர்பாக்சு 2017 இலும் நீக்கின. படிவங்கள் மாறவில்லை, அவற்றைத் திறந்த கருவி மாறிவிட்டது. நேற்றுவரை திறந்த படிவம் இன்று "காத்திருக்கவும்" என்று கூறத் தொடங்கியதன் காரணம் இதுவே.

பிடிஎஃப் 2.0 தரமாகிய ஐஎஸ்ஓ 32000-2, 2017 இல் வெளியானபோது எக்ஸ்எஃப்ஏ கைவிடப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டது. நீண்டகாலச் சேமிப்பிற்கான பிடிஎஃப்/ஏ தரமும் இதனை அனுமதிப்பதில்லை.

## இந்தியாவில் பயன்பாடு

இந்தியாவில் இவ்வகைப் படிவங்களை மிகுதியாகப் பயன்படுத்தியது மத்திய அரசின் நிறுமங்கள் விவகார அமைச்சகம் ஆகும். 2006 இல் தொடங்கப்பட்ட எம்சிஏ21 திட்டத்தின் கீழ், நிறுமங்கள் தம் ஆண்டறிக்கைகளையும் இயக்குநர் மாற்றங்களையும் மின்படிவங்களாகத் தாக்கல் செய்தன. பயனர் படிவத்தைப் பதிவிறக்கி, நிறும அடையாள எண்ணை இட்டு `Pre-fill` பொத்தானை அழுத்தினால் பெயரும் முகவரியும் தாமாக நிரம்பும். பின்னர் இணைப்புகளைச் சேர்த்து, `Check Form` பொத்தானால் பிழைகளைச் சரிபார்த்து, எண்ணிமக் கையொப்பமிட்டுப் பதிவேற்ற வேண்டும். இப்பொத்தான்கள் அனைத்தும் படிவத்தினுள் இருந்த நிரல்களால் இயங்கியவை. சென்னை நிறுமப் பதிவாளரிடம் தாக்கல் செய்த தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிச் சிறுதொழில் நிறுமங்களின் கணக்காளர்களும் கணினியில் அடோபி ரீடரைக் கட்டாயம் வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

மூன்றாம் பதிப்பில் இம்முறை மாறியது. 2022 மார்ச்சில் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கான படிவங்கள் வலைப் படிவங்களாயின. நிறுமங்களுக்கான படிவங்கள் கட்டங்கட்டமாக மாறி, 2025 சூலையில் கடைசித் தொகுதியும் மாற்றப்பட்டது. எனவே புதிய தாக்கலுக்குப் பழைய பிடிஎஃப் படிவங்கள் பயன்படா. ஆனால் பழைய ஆண்டுகளில் நிரப்பிச் சேமித்த கோப்புகள் பலருடைய கணினிகளில் உள்ளன. அவற்றைத் திறக்கும்போது அதே செய்தி தோன்றும். அவற்றில் நிரப்பிய தரவு அழிந்துவிடவில்லை. `datasets` பகுதியில் அப்படியே இருக்கிறது.

## கோப்பைக் கண்டறிதல்

ஒரு கோப்பு எக்ஸ்எஃப்ஏ வகையைச் சேர்ந்ததா என்பதை நிரப்பத் தொடங்குமுன் அறிந்துகொள்ளலாம். லினக்சில் பாப்ளர் கருவித்தொகுப்பு நிறுவப்பட்டிருந்தால், முனையத்தில் பின்வரும் கட்டளையை இடவேண்டும்:

```
pdfinfo form.pdf
```

விடையில் `Form:` என்னும் வரியைப் பார்க்கவேண்டும். அதில் `XFA` என்று இருந்தால் அது எக்ஸ்எஃப்ஏ படிவம். `AcroForm` என்று இருந்தால் அது சாதாரணப் படிவம். எந்த உலாவியிலும் நிரப்பலாம். `none` என்று இருந்தால் அதில் நிரப்பும் கட்டங்களே இல்லை. எக்ஸ்எஃப்ஏ என்று வந்து, `Pages:` வரியில் 1 என்றும் இருந்து, கோப்பின் அளவோ ஒரே பக்கத்திற்குப் பொருந்தாத அளவு பெரிதாகவும் இருந்தால், அது பெரும்பாலும் இயங்கு வகையே.

கட்டளை இடும் வசதி இல்லாதவர்கள் செய்தியின் வாசகத்தைக் கொண்டே அறியலாம். கோப்பு உண்மையிலேயே பழுதடைந்திருந்தால் உலாவி தன் சொந்தப் பிழைச்செய்தியைக் காட்டும். அதைச் சுட்டியால் இழுத்துத் தெரிவுசெய்து அச்சிடும் பக்கமாக அது இருக்காது. "Please wait..." பக்கமோ சாதாரண ஆவணப் பக்கம் போலவே பெரிதாக்கவும் அச்சிடவும் இடந்தரும்.

## நிரப்பும் வழிகள்

### மேசைக் கணினியில் அக்ரோபேட் ரீடர்

நம்பகமான வழி, விண்டோசு அல்லது மாக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் அடோபி அக்ரோபேட் ரீடரைப் பயன்படுத்துவதே. இங்கு இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது.

முதலாவது, பதிவிறக்கம். இணைப்பைச் சொடுக்கினால் உலாவி கோப்பைத் தானே திறந்துவிடும். அதற்குப் பதிலாக இணைப்பின் மீது வலச்சொடுக்கிட்டு `Save link as` என்பதைத் தெரிவுசெய்து, கோப்பை வன்வட்டில் சேமிக்க வேண்டும். ஏற்கனவே உலாவியில் செய்திப் பக்கம் திறந்திருந்தால், அதிலுள்ள பதிவிறக்கக் குறியை அழுத்தினாலும் முழுக் கோப்பும் கிடைக்கும். ஆனால் அச்சிடும் கட்டளையில் உள்ள `Save as PDF` என்பதைப் பயன்படுத்தக் கூடாது. அவ்வாறு செய்தால் திரையில் தெரிந்த செய்திப் பக்கம் மட்டும் புதிய கோப்பாகும். எக்ஸ்எம்எல் பகுதிகள் அனைத்தும் போய்விடும். அக்கோப்பை எந்த மென்பொருளாலும் படிவமாக மீட்க முடியாது.

இரண்டாவது, திறத்தல். பல விண்டோசு கணினிகளில் பிடிஎஃப் கோப்புகள் இயல்பாகவே எட்ஜ் உலாவியில் திறக்குமாறு அமைந்திருக்கும். ரீடரை நிறுவிய பின்னும் கோப்பை இருமுறை சொடுக்கினால் மீண்டும் உலாவியே திறந்து அதே செய்தியைக் காட்டும். இதைக் கண்டு ரீடரும் உதவவில்லை என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். முதலில் ரீடரைத் திறந்து, அதன் `File` பட்டியலிலுள்ள `Open` வழியாகக் கோப்பைத் தெரிவுசெய்தால் இக்குழப்பம் நேராது. படிவத்தின் மேற்புறம் மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி `Enable All Features` என்று கேட்டால், கோப்பு உரிய அலுவலகத்தின் தளத்திலிருந்தே பெறப்பட்டது என்பதை உறுதிசெய்த பின் அதை அழுத்தவேண்டும். அழுத்தாவிடில் படிவத்தின் பொத்தான்கள் வேலை செய்யமாட்டா.

### பயர்பாக்சு உலாவி

2021 அக்டோபரில் வெளியான பயர்பாக்சு 93 ஆம் பதிப்பிலிருந்து அதன் பிடிஎஃப் காட்டி எக்ஸ்எஃப்ஏ படிவங்களைத் தானே வரைகிறது. லினக்சு பயனர்களுக்கு இது பெரிய உதவி. ஏனெனில் லினக்சுக்கான அடோபி ரீடர் 2013 ஆம் ஆண்டின் 9.5.5 பதிப்புடன் நின்றுவிட்டது. பயர்பாக்சில் படிவத்தைப் படிக்கலாம், கட்டங்களில் எழுதலாம், சேமிக்கலாம், அச்சிடலாம்.

ஆயினும் ஒரு வரம்பு உண்டு. எக்ஸ்எஃப்ஏ படிவத்தினுள் எழுதப்பட்டுள்ள நிரல்களை பயர்பாக்சு இயக்குவதில்லை. ஆகவே தானாகக் கூட்டும் கட்டங்கள், ஒரு விடையைப் பொறுத்து விரியும் பகுதிகள், சரிபார்க்கும் பொத்தான்கள், பட்டைக் குறி உருவாக்கம் ஆகியவை செயல்படா. வெறுமனே அச்சிட்டுக் கையொப்பமிட வேண்டிய படிவத்திற்கும், பழைய கோப்பு ஒன்றைப் படிப்பதற்கும் பயர்பாக்சு போதும். சரிபார்த்து அனுப்பவேண்டிய படிவத்திற்குப் போதாது.

### கைபேசி

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் கைபேசிகளில் அடோபி ரீடரை நிறுவினாலும் பயன் இல்லை. அதன் கைபேசிப் பதிப்பு இயங்கு வகை எக்ஸ்எஃப்ஏ படிவங்களைக் காட்டுவதில்லை. பெயர் ஒன்றாயினும் மேசைக் கணினிப் பதிப்பும் கைபேசிப் பதிப்பும் வெவ்வேறு மென்பொருள்கள். கைபேசி மட்டுமே உள்ளவர்கள் கோப்பைக் கணினி மையத்திற்குக் கொண்டுசென்று நிரப்புவதே வழி. அங்கும் கணினியில் ரீடர் நிறுவப்பட்டுள்ளதா என்று முதலில் கேட்டறிதல் நலம்.

### மாற்றித்தரும் இணையதளங்கள்

பிடிஎஃப் கோப்பை வேறு வடிவிற்கு மாற்றித்தரும் தளங்கள் பல உள்ளன. எக்ஸ்எஃப்ஏ அறியாத தளம், இடம்பிடிப்புப் பக்கத்தை மட்டுமே மாற்றித்தரும். மேலும் அரசுப் படிவங்கள் பலவற்றில், இலவச ரீடரிலேயே நிரப்பிச் சேமிப்பதற்கான சிறப்பு உரிமை எண்ணிமக் கையொப்பமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். வேறு மென்பொருள் அக்கோப்பைத் திருத்திச் சேமித்தால் அக்கையொப்பம் முறிந்துவிடும். பின்னர் ரீடரில் திறக்கும்போது, ஆவணம் மாற்றப்பட்டுவிட்டதால் விரிவாக்கப்பட்ட வசதிகள் இனிக் கிடைக்கமாட்டா என்னும் பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். அந்நிலையில் கோப்பைச் சரிசெய்ய முயல்வதைவிட, மூலப் படிவத்தைப் புதிதாகப் பதிவிறக்கி மீண்டும் நிரப்புவதே விரைவானது. கடவுச்சீட்டு எண், பிறந்த நாள் போன்ற விவரங்கள் அடங்கிய படிவத்தை அறியாத தளத்தில் ஏற்றுவதும் தகாது.

## எடுத்துக்காட்டு: கனடா வருகை நுழைவிசைவுப் படிவம்

தமிழர் பலர் இச்செய்தியை முதன்முதலில் காண்பது கனடாவின் குடிவரவுப் படிவங்களில்தான். ஐஎம்எம் 5257 என்னும் எண்ணுடைய வருகை நுழைவிசைவு விண்ணப்பம் இயங்கு வகை எக்ஸ்எஃப்ஏ படிவமாக வெளியிடப்பட்டது. விண்ணப்பிக்கும் வழியைப் பொறுத்து இதற்குப் பதிலாக நேரடி வலைப் படிவமும் உண்டு என்பதால், தமக்கு பிடிஎஃப் படிவம் தேவையா என்பதை விண்ணப்பதாரர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையை அடுத்த கோவளத்தில் வாழும் ஒருவர் டொராண்டோவிலுள்ள தம் மகளைக் காணச் செல்ல விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். மகள் `IMM5257E.pdf` என்னும் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறார். தந்தை அதைக் கைபேசியில் திறக்கிறார், "Please wait..." என்று வருகிறது. இணைப்பு மெதுவாக உள்ளது என்று எண்ணிச் சிறிது நேரம் காத்திருக்கிறார். பின்னர் அருகிலுள்ள கணினி மையத்தில் அச்செடுத்துத் தருமாறு கேட்கிறார். மையத்தில் கோப்பு உலாவியில் திறக்கிறது. அதே செய்தி ஒரே தாளில் அச்சாகி வருகிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று அவர்கள் சொல்ல, மகள் மறுபடியும் அதே கோப்பை அனுப்புகிறார். கோப்பில் குறை ஏதும் இல்லை என்பதை இருவரும் அறியாதவரை இது இப்படியே தொடரும்.

இதன் சரியான முறை பின்வருமாறு:

1. விண்டோசு கணினியில் அக்ரோபேட் ரீடரைத் திறந்து, `File`, `Open` வழியாகக் கோப்பைத் திறக்கவேண்டும். செய்திப் பக்கம் ஓரிரு நொடிகள் தோன்றி மறைந்து, கட்டங்கள் நிறைந்த படிவம் வெளிப்படும். இங்கு மட்டுமே அச்செய்தியின் சொற்படி காத்திருத்தல் பொருந்தும்.

2. எதையும் எழுதுமுன் வேறு பெயரில் ஒரு படியைச் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பார்க்கவேண்டும். ஒரு கட்டத்தில் மட்டும் எழுதிச் சேமித்துச் சோதிப்பது, முழுப் படிவத்தையும் நிரப்பிய பின் தரவு சேமிக்கப்படவில்லை என்று அறிவதைத் தவிர்க்கும்.

3. பெயர்க் கட்டங்களில் கவனம் வேண்டும். படிவம் குடும்பப் பெயரையும் இடுபெயரையும் தனித்தனியே கேட்கிறது. தமிழர் பலரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவும், இடுபெயர் மட்டும் நிரம்பியும் இருக்கும். அவ்வாறாயின் அப்பெயர் முழுவதையும் `Family name` கட்டத்தில் எழுதி, `Given name(s)` கட்டத்தை வெறுமையாக விடவேண்டும் என்பது கனடா குடிவரவுத் துறையின் வழிகாட்டல். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாமாகச் சேர்த்தால் கடவுச்சீட்டுடன் பெயர் பொருந்தாமற் போகும்.

4. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பின் `Validate` பொத்தானை அழுத்தவேண்டும். கட்டாயக் கட்டம் எதேனும் விடுபட்டிருந்தால் அது சிவப்பு நிறத்தால் சுட்டிக்காட்டப்படும். அவற்றை நிரப்பி மறுபடியும் அழுத்தவேண்டும். குறை ஏதும் இல்லையெனில் படிவத்தின் இறுதியில் பட்டைக் குறிகள் உருவாகும்.

5. அதன் பின் சேமித்து, அந்தக் கோப்பையே பதிவேற்ற வேண்டும். தாளில் அளிப்பதாயின் பட்டைக் குறிப் பக்கத்தையும் சேர்த்து, பளபளப்பற்ற வெள்ளைத் தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிடவேண்டும். மங்கிய அச்சில் பட்டைக் குறியைப் பொறியால் படிக்க இயலாது.

பட்டைக் குறி தோன்றியதா என்பதே படிவம் முழுமை பெற்றதற்கான அடையாளம். பயர்பாக்சில் நிரப்பியவருக்கு நான்காம் படி நிகழாது. கட்டங்கள் அனைத்தும் நிரம்பியிருந்தும் பட்டைக் குறி இராது. அவர் அதே கோப்பை ரீடரில் திறந்து `Validate` பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். சேமிப்புரிமை முறிந்த எச்சரிக்கை வந்தால் புதிய படிவத்திலேயே தொடங்கவேண்டும்.

## அனுப்புமுன் சரிபார்த்தல்

எக்ஸ்எஃப்ஏ படிவத்தைப் பொறுத்தவரை, நிரப்பியவர் ரீடரில் காண்பதும், அதே கோப்பைப் பிறர் உலாவியில் காண்பதும் வேறுவேறாக இருக்கும். முழுமையாக நிரப்பிய கோப்பும்கூட எக்ஸ்எஃப்ஏ அறியாத உலாவியில் "Please wait..." என்றே காட்டும். பதிவேற்றும் தளத்தின் முன்னோட்டத்தில் அச்செய்தி தோன்றினால், அதைக் கொண்டு கோப்பு தவறானது என்று முடிவு செய்யக் கூடாது. தளத்திலிருந்து அக்கோப்பைத் திரும்பப் பதிவிறக்கி, ரீடரில் திறந்து, தரவுகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தவறுதலாகச் செய்திப் பக்கத்தையே தனி பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துப் பதிவேற்றினால், அதுவும் முன்னோட்டத்தில் அதேபோலவே தோன்றும். எக்ஸ்எஃப்ஏ அறியாத உலாவியில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண இயலாது. ரீடரில் திறந்தால் நொடியில் தெரிந்துவிடும்: உண்மையான படிவமாயின் செய்தி மறைந்து கட்டங்கள் தோன்றும், வெறும் பக்கமாயின் செய்தி மறையவே மறையாது. `pdfinfo` கட்டளையிலும் முன்னதற்கு `XFA` என்றும் பின்னதற்கு `none` என்றும் விடை வரும்.

தமக்கென ஒரு படியை வைத்துக்கொள்ள விரும்புவோர், ரீடரில் படிவம் திறந்திருக்கும்போது அச்சிடும் கட்டளையில் `Microsoft Print to PDF` என்பதைத் தெரிவுசெய்து இரண்டாவது கோப்பு ஒன்றை உருவாக்கிக் கொள்ளலாம். இதில் பக்கங்கள் சாதாரணப் பக்கங்களாக உறைந்துவிடும்; எக்கருவியிலும், கைபேசியிலும் திறக்கும்; ஆனால் மேற்கொண்டு திருத்த முடியாது. பழைய எம்சிஏ21 கோப்புகளைப் பாதுகாக்க விரும்புவோருக்கும் இம்முறை ஏற்றது. எண்ணிமக் கையொப்பம் இவ்வாறு உறைந்த படியில் படமாக மட்டுமே எஞ்சும். அதன் சான்றுத் தன்மை போய்விடும். எனவே உறைந்த படியைப் படிப்பதற்கும், மூலக் கோப்பைச் சான்றுக்குமாக இரண்டையும் ஒருங்கே வைத்திருக்க வேண்டும்.